அப்பாவுக்கு ஒரு கடிதம்

பவானி
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நான் போகவில்லை. கட் ஆஃப் 181, சீட் கிடைத்திருக்கும். கிடைக்காது என்று பயந்து ஒதுங்கவில்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் துணி வடிவமைப்பு படிக்கத்தான் ஆசை. நாலு வருஷம், பி.எஃப்.ஏ. பட்டம். 1850இல் தொடங்கிய கல்லூரி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் என்னைத் தோளில் தூக்கிக் காட்டினீர்களே, அதைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர்தான்.

"தறிக்குழி என்னோடு போகட்டும்" என்று சொல்வீர்கள். உங்கள் முழங்கால் வலி எனக்குத் தெரியாதா? ஆனால் ஜமக்காளத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நடுவுல ஒரு விரல் கருப்பு வேணும்" என்று பிரித்து மறுபடி நெய்வீர்களே, அதைப் பார்த்துத்தான் எனக்கு நிறம் பிடித்தது. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் கோடு கோடாக வரைந்திருப்பேன். நீங்கள் திட்டினது அதற்குத்தான்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஏற்றுமதி நிறுவனங்களில் டிசைனர் வேலை உண்டு. முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை.

நுழைவுத் தேர்வுக்குச் சென்னை போகவேண்டும். துணைக்கு நீங்கள் வருவீர்களா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
கவிதா