கண்கூச்சம்: முழுநீளத் திரைப்படத்துக்கான பிட்ச் டெக்

1. ஒரு வரியில்

தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷமாக உப்பு வாரும் பேச்சியம்மாளுக்குக் கண் மங்கிவருகிறது. மழை வந்து அளம் மூடும்வரை கங்காணிக்கு அது தெரியக்கூடாது. தெரிந்த ஒரே ஆள், பன்னிரண்டு வயதுப் பேத்தி செல்வி.

*தமிழ், 105 நிமிடம், குடும்பக் கதை.*

2. கதை

ஏப்ரல். விடியற்காலை மூன்று மணி. டார்ச் வெளிச்சத்தில் பெண்கள் வரப்பில் வரிசையாகப் போகிறார்கள். பேச்சியம்மாளுக்கு மட்டும் ஒவ்வொரு டார்ச்சைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிகிறது. கண்ணில் புரை. ஆபரேஷன் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதன்பின் சில வாரம் உப்பும் வெயிலும் கண்ணில் படக்கூடாது. சீசன் நடுவில் அத்தனை நாள் நின்றால் அவள் பாத்தி வேறொருத்திக்குப் போய்விடும். மழைக்காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மற்ற மாதங்களுக்கு அவளுக்கு இந்தப் பாத்தி மட்டும்தான்.

அதனால் அவள் வரப்பைக் காலடிக் கணக்கால் மனப்பாடம் செய்கிறாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன் செல்வி வந்து கண்ணாக நிற்கிறாள். “இன்னும் நாலு எட்டு, ஆச்சி. இப்ப திரும்பு.” இது இருவருக்கும் ஒரு விளையாட்டுப் போலத் தொடங்குகிறது.

ஜூனில் கோடைமழை ஒன்று கொட்டி, விளைந்த உப்பெல்லாம் கரைகிறது. மறுபடி பாத்தித் தரையை மிதித்து இறுக்க வேண்டும், ஆட்களைக் குறைக்க வேண்டும். யாரை நிறுத்துவது என்று கங்காணி ஒவ்வொருத்தி வேலையையும் நின்று பார்க்கத் தொடங்குகிறார். செல்வி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஆரம்பிக்கிறாள். ஆச்சிக்கு அது தெரியவரும் காட்சிதான் படத்தின் இடைவேளை. தன் வேலையைக் காப்பாற்றப் பேத்தியின் படிப்பு போகிறது என்று புரிந்தபின் அவள் செல்வியை வரவிடுவதில்லை. இரண்டாம் பாதி முழுக்க அவள் தனியாக நடக்கிறாள்.

கங்காணியை வில்லனாக நான் எழுதவில்லை. அவர் அம்மாவும் இதே அளத்தில் உப்பு சுமந்தவர்.

3. படம் எப்படித் தெரியும்

இந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இங்கிருந்துதான். பார்வை போவதைச் சினிமாவில் எப்போதும் இருட்டாகவே காட்டுகிறோம். உப்பளத்தில் அது வெளிச்சத்தால் போகிறது. மதியம் பாத்தியில் நின்றால் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும்.

பேச்சியம்மாளின் பார்வைக் காட்சிகளில் படம் போகப் போக வெளுக்கும். முகங்களின் ஓரம் வெள்ளையில் கரையும். வண்ணங்கள் மஞ்சளாகப் பழுக்கும். புரை விழுந்த கண் நீலத்தைத்தான் முதலில் இழக்கிறது. செல்வி தூக்கிவரும் பிளாஸ்டிக் குடத்தை ஆச்சி ‘பச்சைக் குடம்’ என்பாள். “நீலம், ஆச்சி” என்று செல்வி திருத்துவாள். அந்த நீலத்தை நாம் ஆச்சியின் கண்ணால் கடைசிவரை பார்க்கவே மாட்டோம். நவம்பரில் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்க்கும்போது, மழை நின்ற வாசலில் அந்தக் குடம் இருக்கும்.

செல்வியின் பார்வைக் காட்சிகளுக்கு இந்த விதி கிடையாது. அவை தெளிவாக, கைக்கேமராவில், அவள் உயரத்திலிருந்து வரும்.

உடை: சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அங்கே உடுத்துவது அப்படியே. ஒலி நேரடிப் பதிவு. அவளுக்குக் கண் மங்க மங்க, வாருபலகை உப்பில் உரசும் சத்தம் நமக்குக் கூடும்.

4. தொனி

‘கூழாங்கல்’ (2021) வெயிலை ஒரு பாத்திரமாக்கியது. அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டும். அதைவிட அதிகம் பேசுகிற, சிரிக்கிற படம் இது. ‘காக்கா முட்டை’யில் வறுமைக்கு நடுவே பிள்ளைகளின் குறும்பு கெடாமல் இருக்கும். செல்விக்கு அது பொருந்தும். ‘கடைசி விவசாயி’யில் நிலத்தில் உழைத்த நல்லாண்டி ஐயாவே நாயகனானார். அதே வழியில், துணைப் பாத்திரங்களுக்கு உப்பளப் பெண்களையே நடிக்கவைப்பேன். பேச்சியம்மாளுக்கு மட்டும் தேர்ந்த நாடக நடிகை. மறைப்பதின் கனத்தை முகத்தில் தாங்க அனுபவம் தேவை.

அழவைக்கும் பின்னணி இசை வேண்டாம்.

5. யாருக்கு

முதலில் தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்கு. தங்கள் பேச்சைத் திரையில் சரியாகக் கேட்கும் ஊர் தியேட்டருக்கு வரும் என்று நம்புகிறேன். அடுத்தது, அம்மாவோ ஆச்சியோ உழைத்து வளர்த்த பிள்ளைகள், குறிப்பாக முப்பது வயதைத் தாண்டிய பெண்கள். அவர்களில் பலர் வீட்டில் ஓடிடியில்தான் பார்ப்பார்கள். அதனால் கோவா, திருவனந்தபுரம், ராட்டர்டாம் விழாக்களுக்கு அனுப்பிவிட்டு, குறைந்த திரைகளில் வெளியிட்டு, பிறகு ஓடிடி. முதல் நாள் வசூலை நம்பும் படம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

6. தேவை

மொத்தம் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். 34 நாள் படப்பிடிப்பு: ஏப்ரல், மே மாதங்களில் 29 நாள், அளம் தண்ணீரில் மூழ்கும் நவம்பரில் 5 நாள். வெளிப்புறக் காட்சிகள் விடியற்காலையிலும் மாலையிலும். கண்கூசும் மதியக் காட்சிகளுக்கு மட்டும் ஆறு நாள், தினம் இரண்டு மணி நேரம், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடியுடன். நடிக்க வரும் உப்பளப் பெண்களுக்கு, இழக்கும் நாள்கூலிக்கு மேல் தனிச் சம்பளம் பட்ஜெட்டில் சேர்ந்திருக்கிறது. அதில் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முழுத் திரைக்கதை தயார். பிப்ரவரியில் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். ஒளிப்பதிவாளரோடு அப்போது அங்கே இருக்க, ஜனவரிக்குள் உங்கள் முடிவு தேவை.