'நூல்முகம்' வலையொலி: முதல் பகுதியின் தொடக்க உரை

(தொடக்க இசை ஐந்து விநாடி. இசை தணிந்ததும் குரல்.)

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது 'நூல்முகம்'. வாரம் ஒரு தமிழ் நூலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, அதன் நிறையையும் குறையையும் உங்கள் முன் வைக்கும் வலையொலி இது. நான் கலைச்செல்வி, சீர்காழி வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றில் 22 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 6 மணிக்குப் புதிய பகுதி வெளியாகும். அரை மணி நேரத்தைத் தாண்டாது. முதலில் நூலிலிருந்து ஒரு பக்கத்தை வாசிப்பேன். அதன் பிறகு நூலைப் பற்றிப் பேசுவேன். முடிவில், இந்த நூல் யாருக்கு உரியது என்பதைத் தயங்காமல் சொல்வேன். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் நூல், ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'.

(இசை மீண்டும் மூன்று விநாடி எழுந்து முற்றிலும் அடங்குகிறது.)

அடுத்த வாரம் முதல் இந்த ஒரு நிமிட அறிமுகத்தோடு நேராக நூலுக்குள் நுழைந்துவிடுவோம். இன்று முதல் பகுதி என்பதால், இந்த வலையொலி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதைச் சொல்லச் சில நிமிடங்களைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

நூலகத்திலிருந்து நூல் எடுத்து வாசித்தவர்களுக்கு, அட்டையின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும் தேதித் தாளை நினைவிருக்கும். திருப்பித் தர வேண்டிய நாளை அதில் முத்திரையிட்டுக் கொடுப்போம். சில நூல்களில் அந்தத் தாள் நிறைந்து, அதன் மேல் இன்னொன்று ஒட்ட வேண்டியிருக்கும். வேறு சில நூல்களிலோ, வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிப் பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் அதில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்க்கும்போது அத்தகைய நூல்களைத் தனியே எடுத்து வைத்து, இரவில் வீட்டில் வாசிப்பது என் வழக்கமாயிற்று. அவற்றில் பல உண்மையிலேயே வாசிக்கத் தகாதவை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவற்றுக்கிடையே மிகச் சிறந்த நூல்களும் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு சொல் சொல்லாததைத் தவிர அவை செய்த குற்றம் எதுவும் இல்லை. அந்த நூல்களை மேசைமேல் எடுத்து வைத்து, நாளிதழ் வாசிக்க வந்து அமர்பவர்களிடம் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லத் தொடங்கினேன். தேதித் தாள்களில் முத்திரை விழுந்தது. இந்த வலையொலியின் விதை அங்கேதான் இருக்கிறது.

1892இல் அதே சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதை வைத்தார். பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த விதியின் பொருள், முத்திரை விழாத தேதித் தாள்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வாசகர் இருக்கிறார், நூலும் இருக்கிறது. இருவருக்கும் இடையே பேச ஒருவர் வேண்டும்.

அப்படிப் பேசுவதுதான் மதிப்புரை என்று நான் கருதுகிறேன். 'அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்' என்ற ஒற்றை வரியோடு முடியும் மதிப்புரைகளை நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன். நூலின் முன்னுரையையும் பின்னட்டையையும் தாண்டி அவற்றை எழுதியவர் சென்றிருப்பாரா என்ற ஐயம் ஒவ்வொரு முறையும் எழும். விலை கொடுத்து வாங்கப்போகிறவருக்கும், இரண்டு வாரத்துக்கு எடுத்துச் செல்லப்போகிறவருக்கும் அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. நடை எப்படி, வட்டார வழக்கு எவ்வளவு, எந்த இடத்தில் சலிப்புத் தட்டும், அதைக் கடந்தால் என்ன கிடைக்கும் என்பவையே அவர் தெரிந்துகொள்ள விரும்புபவை. ஆகவேதான் நூலாசிரியரின் குரலை முதலில் கேட்கச் செய்துவிட்டு, என் கருத்தைப் பின்னால் வைக்கிறேன். ஒரு பக்கத்தைக் காதால் கேட்டவர், நான் சொல்வதை ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெற்றவராகிறார்.

நூல்களை எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு வாரம், கடந்த ஓராண்டுக்குள் வெளிவந்த நூலுக்கு உரியது. மற்ற வாரங்கள் பழைய நூல்களுக்கு. நாவல், சிறுகதை, கவிதையோடு வேளாண்மை, வரலாறு, மருத்துவம், தன்வரலாறு என எந்தத் துறை நூலும் இடம்பெறும். ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்பட்டவற்றைத் தமிழ்நாட்டு நூல்களோடு ஒரே வரிசையில் வைத்தே பேசுவேன். நம் பக்கம் வழங்காத சொற்கள் வந்தால் அவற்றின் பொருளைச் சொல்வேன். மொழிபெயர்ப்பு நூல் என்றால், மொழிபெயர்ப்பாளரின் பெயர் மூல ஆசிரியரின் பெயரோடு சேர்ந்தே ஒலிக்கும்.

மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது இதழ்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நான் பிரதி எதையும் பெறமாட்டேன். விலைக்கு வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ வாசிப்பேன். எனக்குத் தெரிந்தவர் எழுதிய நூலாக இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். கதையின் முடிவை வெளிப்படுத்தமாட்டேன். குறை சொல்லும்போது பக்க எண்ணைச் சேர்த்தே சொல்வேன், நீங்கள் எடுத்துப் பார்த்து நான் சொல்வது சரிதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பகுதியிலும் கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. முந்தைய வாரத்து நூலை வாசித்து, என் கருத்தோடு மாறுபடுகிறவர்களின் குரல் பதிவுகளுக்கு அதில் முதல் இடம் தருவேன்.

இனி, முதல் நூலாகச் சிங்காரத்தை ஏன் எடுத்தேன் என்பது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குச் சென்று, இரண்டாம் உலகப் போரை அங்கே நேரில் கண்டு, ஊர் திரும்பி மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவர், எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டாவதான இந்த நூல், எழுதி முடித்துப் பல ஆண்டுகள் பதிப்பாளருக்காகக் காத்திருந்து, 1972இல்தான் அச்சேறியது. அதன் பிறகும் உரிய வாசகர்களை அடைய இன்னொரு நீண்ட காலம் பிடித்தது. தேதித் தாள் வெறுமையாகக் கிடந்த நூல்களைப் பற்றிப் பேச வந்தவள், அப்படிக் காத்திருந்து, இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்றாக மதிக்கப்படும் நூலிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைத்தேன். மலாய்ச் சொற்களும் போர்க்கால இடப்பெயர்களும் சங்கப் பாடல் வரிகளும் கலந்து வருவதால், முதல் முப்பது பக்கம் உங்களைத் திணறச் செய்யக்கூடும். அங்கேயே நூலை மூடி வைத்தவர்களை நான் அறிவேன். அந்த முப்பது பக்கங்களை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இன்று விரிவாகப் பேசப்போகிறேன்.

அதற்கு முன், வாக்களித்தபடி ஒரு பக்கம். மெடான் நகரம், போர்க்காலம். வாசிக்கிறேன்.

(இரண்டு விநாடி அமைதி. நூலின் தாள் புரளும் ஓசையை நீக்க வேண்டாம். வாசிப்புத் தொடங்குகிறது.)