பண்டிகை மதிய விருந்து: 15ஆம் தேதி வியாழக்கிழமை, இரண்டு பந்தி

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

வரும் 15ஆம் தேதி வியாழக்கிழமை மதியம், நம் தளத்தில் இருக்கும் பெரிய பயிற்சி அறையில் பண்டிகை விருந்து வைத்திருக்கிறோம். நீங்கள் எல்லாரும் கட்டாயம் வந்து சாப்பிட வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன். இந்த மாதமும் அடுத்த மாதமும் நம் குழுவில் ஆளுக்கொரு பண்டிகை வருகிறது. ஒருவருடையதைக் கொண்டாடி இன்னொருவருடையதை விட்டுவிட எனக்கு மனசில்லை. அதனால் எல்லாப் பண்டிகைக்கும் சேர்த்து ஒரே விருந்து. வெள்ளிக்கிழமை வைக்கலாமா என்று முதலில் பேசினோம். அன்றைக்குச் சிலருக்கு விரதம், சிலருக்கு மதியத் தொழுகை. வியாழன்தான் எல்லாருக்கும் தோதான நாள்.

விவரத்துக்குப் போகும் முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வருஷ விருந்தில் நான்கு பேரை போனில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போனோம். “முடித்ததும் உங்களை மாற்றிவிடுகிறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். பேச்சும் சிரிப்புமாக நேரம் ஓடிவிட்டது. அவர்கள் வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சாதம் ஆறி விறைத்திருந்தது. இனிப்புத் தட்டில் உதிர்ந்த துணுக்குகள் மட்டும்தான் மிச்சம். அதில் ஒருவர் எதுவும் சொல்லாமல் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டு, பையிலிருந்து தன் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கே போய்விட்டார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் தவறும் என்னுடையதுதான். இந்த வருஷ ஏற்பாடு முழுவதையும் அந்த நான்கு பேரை நினைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

நேரம்

முதல் பந்தி மதியம் 12:30 முதல் 1:20 வரை. இரண்டாம் பந்தி 1:30 முதல் 2:20 வரை. நடுவில் உள்ள பத்து நிமிஷம் மேசை துடைக்கவும், போனில் ஆள் மாறவும். பேச்சு, போட்டி, பரிசு என்று எதுவும் வைக்கவில்லை. ஐம்பது நிமிஷம் நிதானமாகச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பதற்கே சரியாக இருக்கும். குழுப் புகைப்படம் மட்டும் காலை 9:45க்கு, அழைப்புகள் சூடு பிடிப்பதற்கு முன்பே எடுத்துவிடலாம். நல்ல உடையில் வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.

யார் எந்தப் பந்தி

நம் கணக்கு இதுதான்: போனில் 14 பேர், மின்னஞ்சலில் 6 பேர், இரவு ஷிஃப்டில் 4 பேர், பயிற்சியாளரும் நானுமாக 2 பேர். மொத்தம் 26. மதியம் 12:30க்கும் 2:30க்கும் இடையில் நமக்கு அழைப்புகள் குறைவு. ஏழு பேர் போனில் இருந்தால் சமாளிக்கலாம். ஆகவே ஒவ்வொரு பந்திக்கும் போனிலிருந்து ஏழு பேர், மின்னஞ்சலிலிருந்து மூன்று பேர். முதல் பந்தி நேரத்தில் நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எட்டாவது ஆளாக உட்காருவேன். இரண்டாம் பந்தி நேரத்தில் நம் பயிற்சியாளர் உட்காருவார்.

போன வருஷம் போனில் இருந்த நான்கு பேருக்கும் எந்தப் பந்தி வேண்டும் என்று முதலில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதியாயிற்று. மற்றவர்கள் பெயரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறேன். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஒன்றாகச் சாப்பிட ஆசைப்படும் நண்பர்கள் வேறு வேறு பந்தியில் விழுந்திருக்கலாம். உங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. போனில் இருப்பவர் போனில் இருப்பவரோடும், மின்னஞ்சலில் இருப்பவர் மின்னஞ்சலில் இருப்பவரோடும் மாற்றினால் எண்ணிக்கை கெடாது. புதன்கிழமை மாலை 5 மணிக்குள் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றினால் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போய்விடும்.

சாப்பாடு

சமையல்காரரிடம் பேசி, சாப்பாடு இரண்டு நடையாக வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் பந்திக்கு 12:15க்கு ஒரு நடை, இரண்டாம் பந்திக்கு 1:20க்கு இன்னொரு நடை. இரண்டாவது நடையின் பாத்திரங்களை அவர்கள் வந்த பிறகுதான் திறப்போம். முதல் பந்தியின் மிச்சத்தை இரண்டாம் பந்திக்குப் பரிமாறப் போவதில்லை. இனிப்பும் ஆளுக்கு ஒரு பெட்டி என்று எண்ணி, பெயர் எழுதியே வைத்துவிடுகிறோம்.

சைவம் ஜன்னல் ஓர மேசையில், அசைவம் கதவோர மேசையில். கரண்டிகள் தனித்தனி. ஒரு மேசைக் கரண்டி இன்னொரு மேசைக்குப் போகாமல் எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் நடந்துவிடுகிற சின்ன விஷயம்தான், ஆனால் சைவம் சாப்பிடுகிறவருக்கு அதன் பிறகு அந்தப் பாத்திரத்தையே தொட முடியாது. அசைவம் முழுவதும் ஹலால்தான். வெங்காயம், பூண்டு சேர்க்காத சாப்பாடு வேண்டுமென்றாலும், சர்க்கரை இல்லாத இனிப்பு வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், தனியாகச் செய்து தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலர்ஜி விஷயத்தில் மட்டும் யாரும் கூச்சப்பட வேண்டாம். நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், பால், முட்டை, கோதுமை, மீன், இறால் என்று எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், சமையலறைக்கு எண்ணிக்கை மட்டும்தான் போகும். நிலக்கடலை ஆகாதவருக்கு அதன் துளிகூட மூச்சை அடைத்துவிடலாம். அதனால் அன்றைய சமையலில் நிலக்கடலையும் கடலை எண்ணெயும் வேண்டவே வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

வீட்டிலிருந்து பலகாரம் செய்து கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் கொண்டு வாருங்கள், சந்தோஷம். நிலக்கடலை மட்டும் வேண்டாம். மற்றபடி அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டிவிடுங்கள். “நெய், பால், முந்திரி” என்று எழுதினாலே போதும்.

யாரிடமும் பணம் வசூலிக்கவில்லை. குழுவின் கொண்டாட்ட நிதியிலிருந்தே செய்கிறோம்.

இரவு ஷிஃப்ட் நண்பர்களுக்கு

நீங்கள் காலை 7 மணிக்கு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மதியம் வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வர விருப்பம் உள்ளவர்கள் எந்தப் பந்தியிலும் உட்காரலாம், இடமும் சாப்பாடும் உண்டு. வராதவர்களுக்கு அதே சாப்பாடு அன்றிரவு 9:45க்குப் புதிதாகச் சமைத்து வரும். மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்து இரவு தருவது வேண்டாம் என்று வைத்தோம். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். பத்து மணி நேரம் அப்படி வைத்துக் காக்க நம்மிடம் வசதி இல்லை. இதே காரணத்தால், பந்தி முடிந்து மிஞ்சுவதை எடுத்துப் போக விரும்புகிறவர்கள் உடனே பொட்டலம் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலை வரை மேசையிலேயே கிடக்க வேண்டாம்.

பாதுகாப்புப் பணியில் இருக்கும் அண்ணன்கள் இருவரும், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் இருவரும் நம்மோடுதான் சாப்பிடுகிறார்கள், பந்திக்கு ஒருவராக. அவர்களோடு சேர்த்துச் சாப்பாடு 30 பேருக்கு. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டால், அந்த அக்காக்களும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

வேலை

உதவி எண் அன்றைக்கும் வழக்கம்போல இயங்கும். வாடிக்கையாளருக்கு விடுமுறை அறிவிப்பு எதுவும் போடவில்லை. உங்கள் பந்திக்கு ஐந்து நிமிஷம் முன்பே புது அழைப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பைப் பாதியில் விட வேண்டாம், முடித்துவிட்டு வாருங்கள், தட்டு காத்திருக்கும். திரையில் உங்கள் நிலையை Break என்று வைக்காமல் Lunch என்று வையுங்கள். Break என்று வைத்தால் 15 நிமிஷம் ஆனதும் அமைப்பு உங்களைத் தானாகவே வரிசையில் சேர்த்துவிடும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து விழும். யாரையாவது திரும்பக் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தால், அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டு, குறிப்பிலும் எழுதிவிட்டுப் போங்கள்.

மின்னஞ்சலுக்கு நாம் பதில் தர வேண்டிய கெடு நான்கு மணி நேரம் என்பதால் அங்கே நெருக்கடி இருக்காது. இருக்கிற மூன்று பேரும் அவசரம் என்று குறித்தவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

அழைப்பு வரிசை திடீரென்று நீண்டுவிட்டால்? பத்துப் பேருக்கு மேல் காத்திருந்தால், மின்னஞ்சலில் இருக்கும் மூவரும் போனுக்கு வருவார்கள். சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சர்வரே முழுதாக நின்றுபோனால் மட்டும் வேறு வழியில்லை. அப்போது இரண்டாம் பந்தியை அரை மணி நேரம் தள்ளி வைப்போம். சமையல்காரரிடம் அதையும் பேசி வைத்திருக்கிறேன். முதல் பந்தி 1:20க்கு எழுந்து வந்தால்தான் அடுத்தவர் சூடாகச் சாப்பிட முடியும். இது ஒன்றுதான் உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது.

திங்கட்கிழமை, 12ஆம் தேதி மாலை 5 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக மூன்று விஷயம் எழுதுங்கள்: வருகிறீர்களா, சைவமா அசைவமா, சாப்பாட்டில் எதையாவது தவிர்க்க வேண்டுமா. செவ்வாய் காலை எண்ணிக்கையைக் கொடுத்தாக வேண்டும். விரதம் என்றாலோ, வேறு காரணத்தால் சாப்பிட முடியாது என்றாலோ காரணம் சொல்ல வேண்டியதில்லை. சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். பழமும் பழச்சாறும் இருக்கும், விருப்பப்பட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

மேசை போடவும் பரிமாறவும் பந்திக்கு இரண்டு பேர் தேவை. முன்வருகிறவர்கள் பதிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். முதல் பந்தியில் சாப்பிடுகிறவர் இரண்டாம் பந்திக்குப் பரிமாற வேண்டாம், அவர் போனில் இருக்க வேண்டும். தன் பந்திக்குத் தானே பத்து நிமிஷம் கை கொடுத்தால் போதும்.

வியாழக்கிழமை பார்ப்போம். வீட்டில் எல்லாருக்கும் என் பண்டிகை வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழுத் தலைவர்
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு