ஏரி நீர் குடிநீராகும் வழி: வகுப்பறைப் படத்தின் விளக்கம்

தம்பி, நமது வகுப்பறைச் சுவரில் மாட்டப்பட்டுள்ள படத்தை உன்னால் பார்க்க முடியாது என்பதால், அதை உனக்காகச் சொற்களில் எழுதியிருக்கிறேன். உன் நண்பன் படித்துக்காட்டும்போது விரலால் மேசையில் வழியை வரைந்துகொண்டே கேள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக நான்கு கட்டங்கள் உள்ளன. நான்காவது கட்டத்திலிருந்து அம்பு கீழே இறங்குகிறது. கீழ் வரிசையில் வலமிருந்து இடமாக இன்னும் நான்கு கட்டங்கள். வழி முழுவதும், படுக்கவைத்த 'ப' போல இருக்கும்.

முதலில் ஏரியிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. அடுத்து, இரண்டாவது கட்டத்திலுள்ள கம்பித் தடுப்புகளின் வழியாக அது செலுத்தப்படுகிறது. ஆகாயத்தாமரை, குச்சிகள், நெகிழிப் பைகள் எல்லாம் இங்கேயே தடுக்கப்பட்டு அகற்றப்படுகின்றன. மூன்றாவது கட்டத்தில் நீர் படிப்படியாக விழும்படி விடப்படுகிறது. கோயில் குளத்துப் படிக்கட்டில் மழைநீர் வழிவதை நினைத்துக்கொள். அப்படி விழும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலக்கிறது. கெட்ட வாடை தரும் வாயுக்கள் வெளியேறுகின்றன. கரைந்திருக்கும் இரும்பு, பின்னர் வடிகட்டக்கூடிய துகளாக மாற்றப்படுகிறது.

இனி நான்காவது கட்டம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இங்கே நீரில் படிகாரம் சேர்க்கப்பட்டு, ஒரு நிமிடத்திற்குள் வேகமாகக் கலக்கப்படுகிறது. கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. எத்தனை நாள் காத்திருந்தாலும் அவற்றில் பல கீழே இறங்குவதில்லை. படிகாரத்திலிருந்து வரும் அலுமினியத்தால் அந்த மின்னூட்டம் சமன்செய்யப்படுகிறது. எவ்வளவு படிகாரம் போதும் என்பது ஆய்வுக்கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்ட கண்ணாடிக் குவளைகளில், வெவ்வேறு அளவுகளைக் கலந்து பார்த்து முடிவு செய்யப்படுகிறது. மழைக்காலத்துச் செந்நீருக்கும் கோடைக்கால நீருக்கும் ஒரே அளவு பொருந்தாது. நம் ஊர்ப்பக்கம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஆற்றுநீரை ஊற்றி வைத்ததும் கலங்கலைத் தெளியவைக்கத்தான்.

அதன்பின் அம்பு கீழே திரும்புகிறது. ஐந்தாவது கட்டத்தில் அதே நீர் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் வரை மிக மெதுவாகக் கிளறப்படுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறவைத்த அவலைப் போல மென்மையான திரள்களாகின்றன. வேகமாகக் கிளறப்பட்டால் அந்தத் திரள்கள் உடைந்துவிடும். முந்தைய தொட்டியில் வேகம், இந்தத் தொட்டியில் நிதானம்: தேர்வில் பலரும் தவறவிடும் வேறுபாடு இது. ஆறாவது கட்டம் படிவுத் தொட்டி. நீர் இங்கே இரண்டு மூன்று மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நகரவிடப்படுகிறது. திரள்கள் அடியில் சேறாகப் படிகின்றன. சேறு கீழ்க்குழாய் வழியாக வெளியேற்றப்படுகிறது. தெளிந்த நீர் மேல் விளிம்பில் வழிந்து சேகரிக்கப்படுகிறது.

பின்னர் ஏழாவது கட்டத்தில் நீர் மணல் வடிகட்டிக்குள் விடப்படுகிறது. மேலே ஏறத்தாழ முக்கால் மீட்டர் மணல். அதன் கீழே சிறு கூழாங்கல். அடியில் பெரிய கூழாங்கல். படிவுத் தொட்டியில் தப்பிய நுண்திரள்களும் கிருமிகளில் பெரும்பங்கும் மணலில் பிடிக்கப்படுகின்றன. ஓரிரு நாளில் மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது காற்றும் சுத்தமான நீரும் கீழிருந்து மேலாகச் செலுத்தப்பட்டு மணல் கழுவப்படுகிறது. அச்சிட்ட படத்தில் இந்த அம்பு விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால், மணலில் சேர்ந்த அழுக்கு எங்கே போகிறது என்ற கேள்விக்குப் படத்தில் பதில் கிடைக்காது. ஆகவே அது சிவப்பு மையால் என் கையாலேயே சேர்க்கப்பட்டுள்ளது. நீயும் விடையில் அதைச் சேர்த்துச் சொல்.

இறுதியாக, எட்டாவது கட்டத்தில் நீருடன் குளோரின் கலக்கப்பட்டு, குறைந்தது அரை மணி நேரம் மூடிய தொட்டியில் தேக்கிவைக்கப்படுகிறது. கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம் என்பதால் இந்தப் படி ஒருபோதும் விடப்படக்கூடாது. குளோரின் முழுவதும் இங்கேயே தீர்ந்துபோகும்படி விடப்படுவதுமில்லை. தேக்கத்திலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கும், அங்கிருந்து தெருக்குழாய்களுக்கும் நீர் அனுப்பப்படும்போது வழியில் கிருமி புகுந்தால் அதை அழிக்க, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்ளப்படுகிறது. படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு குழாயும் அதன் கீழே ஒரு குடமும் வரையப்பட்டுள்ளன. காலையில் நம் பள்ளிக் குழாயைத் திறந்ததும் "ஐயா, மருந்து வாசனை வருகிறது" என்று நீ சொன்னாயே, அந்த மெல்லிய நெடி இந்த எட்டாவது கட்டத்திலிருந்து வருவது.