முகலாயப் பேரரசின் வீழ்ச்சி: ஒரே தாளில் காலக்கோடு (1687–1858)

மேல்நிலை வகுப்பு வரலாறு, திருப்புதல் தாள்

பாடத்தில் ஆண்டு எண்கள் நாற்பதுக்கு மேல் வருகின்றன. இந்தத் தாளில் இருப்பவை 15. ஒரு நிகழ்வை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: இதனால் வரியோ படையோ அரியணையோ யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? விடை கிடைத்தால் நிகழ்வு தாளில் இருக்கும். கிடைக்காவிட்டால், எவ்வளவு பெயர்பெற்ற போராக இருந்தாலும் இருக்காது. அரசர் பட்டியலை மனப்பாடம் செய்தால் வீழ்ச்சி விளங்காது. 1707க்குப் பிறகு அரியணையில் யாரோ ஒருவர் எப்போதும் உட்கார்ந்துதான் இருந்தார். கருவூலத்துக்கு வர வேண்டிய பணம்தான் வழியிலேயே நின்றது.

ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் உள்ள குறி, மாற்றம் நடந்த இடத்தைக் காட்டும்: வரி, படை, அரியணை.

1687 (வரி, படை). ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடிக்கிறார். முந்தைய ஆண்டு பிஜப்பூர் விழுந்திருந்தது. வரைபடத்தில் பேரரசு மிகப் பெரிதாகத் தெரியும் காலம் இதுதான், கோடு இங்கிருந்து தொடங்குவதும் அதனால்தான். தோற்ற அரசுகளின் பிரபுக்களையும், விலைக்கு வாங்கப்பட்ட மராத்தியத் தலைவர்களையும், பேரரசுக்காகக் குதிரைப்படை வைத்திருக்கும் அதிகாரிகளான மன்சப்தார்களாகச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஜாகீர், அதாவது வரி வசூலித்துக்கொள்ளும் நிலம், தர வேண்டும். கொடுக்க நிலம் போதவில்லை. கொடுத்த நிலத்திலும் ஏட்டில் எழுதிய வருவாய்க்கும் கையில் வந்த வசூலுக்கும் பெரிய இடைவெளி. வசூல் குறைந்த மன்சப்தார், தான் வைத்திருக்க வேண்டிய குதிரைப்படையைக் குறைத்தார். படை குறைந்ததும் ஜமீன்தார்கள் வரி கட்ட மறுத்தார்கள். அதனால் வசூல் இன்னும் குறைந்தது. தேர்வில் 'ஜாகீர்தாரி நெருக்கடி' என்று கேட்டால் இந்தச் சுழற்சியை எழுத வேண்டும். 'ஔரங்கசீப்பின் சமயக் கொள்கை' என்ற ஒரு வரியோடு முடித்துவிடக் கூடாது. தெற்கே செஞ்சிக் கோட்டையில் மராத்திய அரசர் ராஜாராமை வளைத்த முற்றுகை 1690இல் தொடங்கி 1698 வரை இழுத்ததையும் இந்த ஆண்டின் கீழேயே சேர்த்துப் படியுங்கள். ஒரு கோட்டைக்கு இத்தனை ஆண்டு படையும் பணமும் போயின.

1707 (அரியணை). ஔரங்கசீப் அகமதுநகரில் இறக்கிறார். ஜூன் மாதம் ஜாஜவ் போரில் தம்பி அசம் ஷாவை வென்று அவர் மகன் முவாசம், பகதூர் ஷா என்ற பெயரில் பட்டமேறுகிறார். அப்போது அவருக்கு வயது 63. சில நூல்களில் இறந்த நாள் பிப்ரவரி 20 என்றும் சிலவற்றில் மார்ச் 3 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான்: பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்கும் அன்று 11 நாள் வித்தியாசம். பேரரசு 1707இல் விழுந்தது என்று எழுதாதீர்கள். அடுத்த ஐந்து ஆண்டுகள் நிர்வாகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1713 (அரியணை). சையது சகோதரர்களின் துணையோடு பாரூக்சியார், பேரரசர் ஜகந்தர் ஷாவை வீழ்த்துகிறார். அப்துல்லா கான் வசீர் ஆகிறார், உசேன் அலி கான் மீர் பக்‌ஷி ஆகிறார். நிதிக்குத் தலைமை ஒரு சகோதரருக்கு, படை நிர்வாகம் இன்னொருவருக்கு என இரண்டும் ஒரே குடும்பத்துக்குள் போகின்றன. அதுவரை வாரிசுப் போர் இளவரசர்களுக்குள் நடந்தது. இனி பிரபுக்கள் தங்களுக்கு ஏற்ற இளவரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1717 (வரி). ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டினால் வங்காளத்தில் சுங்கமின்றி வாணிபம் செய்யலாம் என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாரூக்சியார் பர்மான் என்னும் அரச ஆணை தருகிறார். அன்று யாருக்கும் பெரிதாகப் படாத நிகழ்வு. 1764ஐப் படிக்கும்போது இங்கே திரும்பி வர வேண்டும்.

1719 (அரியணை, வரி). மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஆண்டு. பிப்ரவரி இறுதியில் பாரூக்சியாரை இறக்கிக் கண்ணைக் குருடாக்கி, பிறகு கொல்கிறார்கள். ரஃபி உத் தரஜத், ரஃபி உத் தௌலா இருவரும் அடுத்தடுத்து அரியணை ஏறிச் சில மாதங்களில் நோயால் இறக்கிறார்கள். செப்டம்பரில் முகமது ஷா வருகிறார். ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள் என்பது நினைவில் நிற்கும். ஆனால் இந்த ஆண்டு தாளில் இடம்பிடித்தது அதற்காக அல்ல. உசேன் அலியோடு டெல்லி வந்த மராத்தியரின் முதன்மை அமைச்சர், பேஷ்வா பாலாஜி விஸ்வநாத், தக்காணத்தின் ஆறு சுபாக்களில், அதாவது மாகாணங்களில், சவுத்தும் சர்தேஷ்முகியும் வசூலிக்கும் உரிமையை எழுத்தில் பெற்றுத் திரும்புகிறார். சவுத் என்பது வருவாயில் நாலில் ஒரு பங்கு. சர்தேஷ்முகி அதற்கு மேல் 10 விழுக்காடு. அதுவரை கொள்ளை என்று டெல்லி சொன்ன வசூல் அன்று முதல் சட்டப்படியான வசூல்.

1724 (வரி, படை). வசீர் பதவியை விட்டுத் தெற்கே போன நிஜாம் உல் முல்க், ஷகர்கேடாவில் முபாரிஸ் கானை வென்று தக்காணத்தைத் தன் பிடியில் கொண்டுவருகிறார். அதற்குள் வங்காளம் முர்ஷித் குலி கானிடமும், அவத் 1722 முதல் சாதத் கானிடமும் இருந்தன. 'சுதந்திரம் அறிவித்தார்' என்று எழுதினால் தவறு. மூவரில் யாரும் அப்படி அறிவிக்கவில்லை. நாணயத்திலும் தொழுகை உரையிலும் பேரரசர் பெயரே தொடர்ந்தது. மாறியவை வேறு: அடுத்த ஆளுநரை டெல்லி அனுப்புவது நின்றது, பதவி குடும்பத்துக்குள் இறங்கியது. வங்காளத்திலிருந்து பணம் இன்னும் சில காலம் வந்தது. நிறுத்தும் முடிவு அனுப்புகிறவர் கையில் இருந்தது.

1738 (வரி). முந்தைய ஆண்டு டெல்லியின் வாசல்வரை வந்துபோன பேஷ்வா முதலாம் பாஜிராவ், போபாலில் நிஜாமை மடக்கி மாளவத்தை விட்டுத்தரச் செய்கிறார்.

1739 (படை, வரி). பிப்ரவரி 24, கர்னால். சில மணி நேரத்தில் ஈரான் அரசர் நாதிர் ஷா முகலாயப் படையை முறியடிக்கிறார். மார்ச் 22 அன்று டெல்லியில் படுகொலை. மயிலாசனமும் கோஹினூரும் போகின்றன. பாடநூல் இதை இரண்டு பக்கத்துக்கு விரிப்பதால் எல்லோரும் சிம்மாசனத்தை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். விடையில் மதிப்பெண் தரும் வரி வேறு: சிந்து நதிக்கு மேற்கே உள்ள பகுதிகள் ஈரானுக்குக் கொடுக்கப்பட்டன. காபூலும் அதில் அடக்கம். குதிரையும் குதிரை வீரர்களும் வந்த வழி அது, வடமேற்கைக் காத்த அரணும் அதுவே. நாதிர் ஷா வீழ்ச்சிக்குக் காரணம் அல்ல. பலவீனம் முன்பே இருந்தது. அவர் அதை உலகறியச் செய்தார்.

1752 (வரி). லாகூரும் முல்தானும் ஆப்கன் அரசர் அகமது ஷா அப்தாலியிடம் போகின்றன.

1761 (படை). ஜனவரி 14, மூன்றாம் பானிபட் போர். மராத்தியருக்கும் அப்தாலிக்கும் நடந்தது. முகலாயப் பேரரசர் எந்தப் பக்கமும் களத்தில் இல்லை. டெல்லி யாருக்கு என்ற போரில் டெல்லியின் அரசருக்கு இடமில்லாமல் போனதைக் காட்டவே இதை வைத்தோம்.

1764–65 (வரி). தாளின் மையம் இதுதான். 1717 பர்மானைக் காட்டிக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த வாணிபத்துக்கும் சுங்கம் கட்டவில்லை. அதை எதிர்த்த வங்காள நவாப் மீர் காசிம், அவத் நவாப் சுஜா உத் தௌலா, பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் மூவரும் 1764 அக்டோபர் 22 அன்று பக்சாரில் தோற்கிறார்கள். 1765 ஆகஸ்ட் 12 அன்று வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கம்பெனிக்கு எழுதித் தரப்படுகிறது. பதிலுக்குப் பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாயும், கோரா, அலகாபாத் மாவட்டங்களும். வரி வாங்கிய அரசர் உதவித்தொகை வாங்குகிறவர் ஆகிறார். பிளாசியை (1757 ஜூன் 23) தனி நிகழ்வாகத் தரவில்லை. அது வங்காளத்தில் நவாபை மாற்றியது. பேரரசரின் உரிமையை எடுத்தது திவானி. இரண்டையும் ஒன்றாக்கி 'பிளாசியில் கம்பெனிக்குத் திவானி கிடைத்தது' என்று எழுதும் பிழை ஒவ்வொரு ஆண்டும் விடைத்தாள்களில் வருகிறது.

1772 (படை). ஷா ஆலம் மராத்தியர் பாதுகாப்பில் டெல்லி திரும்புகிறார். அதைக் காரணம் காட்டிக் கம்பெனி 26 லட்சத்தை நிறுத்துகிறது.

1803 (படை). செப்டம்பரில் கம்பெனியின் ஜெனரல் லேக், மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையை வென்று டெல்லியில் நுழைகிறார். காவலர் மாறுகிறார். பேரரசரின் நிலை அப்படியே.

1835 (அரியணை). கம்பெனி நாணயத்தில் முகலாயர் பெயர் நீங்கி நான்காம் வில்லியத்தின் உருவம் வருகிறது.

1857–58 (அரியணை). மே 11 அன்று மீரட் சிப்பாய்கள் டெல்லி வந்து இரண்டாம் பகதூர் ஷாவைத் தலைவராக ஏற்கிறார்கள். செப்டம்பர் 20இல் நகரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வருகிறது. மறுநாள் உமாயூன் கல்லறையில் அவர் பிடிபடுகிறார். விசாரணைக்குப் பின் ரங்கூனுக்கு நாடு கடத்தல். 1858இல் இந்தியா கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு மாறுகிறது. முதல் பகதூர் ஷாவையும் (1707–1712) இரண்டாம் பகதூர் ஷாவையும் (1837–1857) குழப்பிக்கொள்ளாமலிருக்கப் பெயரோடு ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

விட்டவை. பாந்தா பகதூரின் எழுச்சி, ஜாட்டுகள், ரோகில்லாக்கள், 1788இல் குலாம் காதிர் ஷா ஆலமின் கண்களைப் பறித்தது. பாந்தாவை விட மனம் வரவில்லை. ஆனால் சீக்கியர் எழுச்சிக்குத் தனிப் பாடம் இருக்கிறது, அந்தக் காலக்கோட்டில் அவர் முதலில் வருவார். பிராந்திய அரசுகள் பற்றி 10 மதிப்பெண் கேள்வி வந்தால் ஜாட்டுகளையும் ரோகில்லாக்களையும் 1724இன் கீழ் சேர்த்துக்கொள்ளலாம்.

கோட்டில் வரையும் முறை. A4 தாளைப் படுக்கவைத்து 18 செ.மீ. கோடு போடுங்கள். 1 செ.மீ. 10 ஆண்டு, இடது முனை 1680, வலது முனை 1860. 1707 இடமிருந்து 2.7 செ.மீ., 1739 5.9 செ.மீ., 1765 8.5 செ.மீ., 1803 12.3 செ.மீ., 1857 17.7 செ.மீ. நிகழ்வுகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள்; அப்படி வைத்தால் 1713க்கும் 1717க்கும் உள்ள நான்கு ஆண்டும் 1772க்கும் 1803க்கும் உள்ள 31 ஆண்டும் ஒரே நீளமாகத் தெரியும். அளவுப்படி வரைந்தால் 1713 முதல் 1724 வரை நான்கு நிகழ்வுகள் 1.1 செ.மீ.க்குள் நெருக்கும், எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதற்கு அந்தப் பகுதியை மட்டும் கீழே தனிக் கோடாக, 1 செ.மீ.க்கு 1 ஆண்டு என்ற அளவில் வரைந்து இரண்டு சாய்கோடுகளால் மேல்கோட்டோடு இணையுங்கள். வரி மாற்றங்களைக் கோட்டுக்கு மேலேயும் மற்றவற்றைக் கீழேயும் எழுதுங்கள். இரண்டு குறியும் உள்ள நிகழ்வு மேலே வரட்டும். 1772–1803 இடைவெளி காலியாகத் தெரிந்தால் காலியாகவே விடுங்கள்.