கிரைண்டர் நிறுவன வரைவில் நீக்கியவை: பேச்சுப் பக்கக் குறிப்பு

வணக்கம். விக்கிப்பீடியாவுக்காக நீங்கள் எழுதிய கிரைண்டர் நிறுவனக் கட்டுரை வரைவைப் பார்த்தேன். அந்த நிறுவனத்தில் பணிபுரிவதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஊதியம் பெற்றுத் தொகுப்பவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. வரைவில் கை வைத்த இடங்களுக்கான காரணங்களை எழுதுகிறேன்.

உங்கள் தொடக்கம் இது: "கோவை மண்ணின் பெருமையாய், தரத்தின் மறுபெயராய், 1987 முதல் இல்லத்தரசிகளின் இதயங்களில் நீங்கா இடம்பிடித்த முன்னணி நிறுவனம்." இதில் சரிபார்க்கக்கூடியவை ஊரும் ஆண்டும்தான். எனவே இப்படி மாற்றினேன்: "இந்நிறுவனம் 1987இல் கோயம்புத்தூர் பீளமேட்டில் தொடங்கப்பட்டது. வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் மாவரைக்கும் கிரைண்டர்களைத் தயாரிக்கிறது." எதில் முன்னணி, யார் கணக்கெடுத்தார்கள் என்று வாசகர் கேட்டால் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை.

"மத்திய அரசின் புவிசார் குறியீடு பெற்ற நிறுவனம்" என்ற வரியை முழுவதுமாக எடுத்துவிட்டேன். அந்தக் குறியீடு கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பொருளுக்கு உரியது. தனியொரு நிறுவனத்துக்குக் கொடுத்த விருது அல்ல. ஊரின் பல பட்டறைகள் சேர்ந்து ஈட்டிய பெயரை ஒருவர் தலையில் சூட்டுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழும் அப்படித்தான். அது தர மேலாண்மை முறைக்கான சான்று. "உலகத் தரம் வாய்ந்த கிரைண்டர்" என்பதற்கு அது ஆதாரமாகாது. சான்றிதழ் பெற்ற செய்தி மட்டும் இருக்கட்டும்.

நிறுவனரைப் பற்றிய பத்தியில் "தொலைநோக்குச் சிந்தனையாளர்", "வாடிய முகம் பொறுக்காத வள்ளல்" ஆகியவை போய்விட்டன. அதற்கு அடியில் ஓர் அருமையான செய்தி புதைந்து கிடந்தது: லேத் பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர், முதல் கிரைண்டரின் குழவிக் கல்லைத் தாமே உளி பிடித்துக் கொத்தியிருக்கிறார். வார இதழ் நேர்காணலில் அவரே சொன்னது என்பதால், "என்று அவர் கூறியுள்ளார்" எனச் சேர்த்துப் பத்தியின் முதல் வரியாக்கினேன். வள்ளல் என்ற சொல்லைவிட அந்த உளி அவரை நன்றாகக் காட்டுகிறது.

நீங்கள் கொடுத்த ஐந்து மேற்கோள்களில் மூன்று, நாளிதழின் விளம்பரச் சிறப்பிதழில் வந்தவை. நிறுவனமே பணம் கொடுத்து வெளியிட்டதைச் சுதந்திரமான சான்றாக ஏற்க முடியாது. மீதி இரண்டும் போதுமா என்பது எனக்கு இன்னும் ஐயமே. கட்டுரையின் குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதி, அவற்றில்தான் நிற்கிறது. நூல்களிலோ பிற இதழ்களிலோ விரிவாக எழுதியிருந்தால் தேடித் தாருங்கள்.

ஒன்றைச் சேர்த்தும் இருக்கிறேன். 2011இல் ஊதிய உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்ததை, அந்த இரண்டில் ஒன்றான நாளிதழ்ச் செய்தி சொல்கிறது. உங்கள் வரைவில் அது விடுபட்டிருந்தது. தொழிலாளர் தரப்பையும் நிர்வாகத்தின் பதிலையும் ஒவ்வொரு வரியில் எழுதியுள்ளேன். தகவலில் பிழை இருந்தால் நீங்களே திருத்தாமல், சான்றுடன் இங்கே குறிப்பிடுங்கள்; பார்த்துச் சரிசெய்கிறேன்.