நெதரில் ஏழு பிளேஸ் ராட்: வாய்ஸ் ஓவர் ஸ்கிரிப்ட்

மைன்கிராஃப்ட் சர்வைவல், பகுதி 9. நேரத்தோடு இருப்பது விளையாடும்போது கிறுக்கிய குறிப்பு. அதன் கீழே இருப்பது மைக்கில் பேச வேண்டியது.

0:00 போர்ட்டல். லோடிங்.

உள்ளே நிற்கிறேன், திரை ஊதாவாக நெளிகிறது. நான்கு விநாடி அசையக் கூடாது. அதற்குள் கையிருப்பைப் பார்த்துவிடலாம்: இரும்புக் கவசம், கேடயம், வைர வாள், காலில் மட்டும் தங்க பூட்ஸ். அழகுக்காக இல்லை, காரணம் வெளியே நிற்கிறது. தண்ணீர் வாளி எடுக்கவில்லை, நெதரில் ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். கட்டிலும் வேண்டாம், இங்கே படுத்தால் வெடிக்கும். ஆ, வந்துவிட்டோம்! F3 அழுத்தி XYZ எண்களை எழுதிவையுங்கள். நானும் எழுதுகிறேன், ஒரு நிமிடத்தில்... யார் அது உறுமுவது?

0:35 பிக்லின். தங்கம் கொடுத்தேன். போஷன்.

பிக்லின்! இரண்டு, இல்லை, மூன்று. பூட்ஸைப் பார்க்கிறது... பார்த்துவிட்டது... போய்விட்டது. உடம்பில் ஒரே ஒரு தங்கச் சாமான் இருந்தால் போதும், வம்புக்கு வராது. ஆனால் அதன் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தாலோ தங்கத்தை வெட்டினாலோ அந்த மரியாதை போய்விடும். சரி, ஒரு தங்கக் கட்டியை வீசுகிறேன். எடுத்துக்கொண்டது. இப்போது பாருங்கள், அடகுக் கடைக்காரர் நகையைப் பார்ப்பது போல ஆறு விநாடி உற்றுப் பார்க்கும். பார்க்கட்டும், அவசரம் இல்லை... சரளைக்கல்லா? கொடுத்தது தங்கம் ஐயா! இன்னொன்று. இதற்கும் சரளை கொடுத்தால்... அட, நெருப்பு தாங்கும் போஷன்! மூன்று நிமிடம் வேலை செய்யும். பத்திரமாக வைக்கிறேன், கடைசிவரை தொட மாட்டேன்.

1:25 நடை. ஒன்றும் நடக்கவில்லை.

(எடிட்டருக்கு: இந்த நடையில் பத்து விநாடி போதும், மீதியை வெட்டிவிடு. வெறும் நடைக்கு நான் என்ன பேசினாலும் இழுவைதான்.)

நெதரில் ஒரு பிளாக் நடந்தால் மேலே எட்டு பிளாக் நடந்த கணக்கு, அதனால் இந்தக் குறுக்குவழி... நில்லுங்கள். அந்தச் சிவப்பு மூட்டத்துக்குப் பின்னால் நேர்கோடாக ஏதோ தெரிகிறதே. தூண். பாலம். கோட்டை!

1:40 பிளேஸ். 7 ராட். அடி வாங்கினேன்.

படியேறியதும் கூண்டு, அதற்குள் சுழல்வது ஸ்பானர். ஒரு பிளேஸ் கிளம்பிவிட்டது. தீப்பற்றுகிறது பாருங்கள், அதுதான் அறிகுறி. கேடயம்! டக், டக், டக். மூன்று குண்டு, அப்புறம் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஓட வேண்டும். ஓடுகிறேன், ஒரு வெட்டு, இன்னொன்று, விழுந்தது. ராட்? இல்லை. கொன்றால் ராட் கட்டாயம் என்றில்லை, பாதிக்குப் பாதிதான். அடுத்தது இடப்பக்கம்... வெட்டு... ராட்! ஒன்று.

(இங்கே ஐந்து விநாடி சும்மா இரு. கேடயத்தில் குண்டு படும் சத்தமே போதும்.)

இரண்டு. மூன்று. பின்னால் ஒன்று இருந்திருக்கிறது, ஐயோ, எரிகிறேன்! ஆறு இதயம், ஐந்து... தூண் மறைவு, தூண் மறைவு. மாட்டிறைச்சி ஒன்று உள்ளே போகட்டும். சாப்பிடும்போதே கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ராட் இரண்டு பொடி, ஒரு பொடிக்கு ஒரு கண், எண்ட் போர்ட்டலுக்குக் கண் 12, ஆக ஆறு ராட். ஏழாவது, போஷன் காய்ச்சும் அடுப்புக்கு. மறுபடி உள்ளே. நான்கு! இது தரவில்லை, இதுவும் தரவில்லை, என்ன கஞ்சத்தனம்... ஐந்து. ஆறு. போதும் என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. ஏழு! கிளம்பு, கிளம்பு.

3:20 காஸ்ட். லாவாவில் விழுந்தேன். சாகவில்லை.

பாலத்தில் இறங்கியாயிற்று, இனி வந்த வழியே... பூனை கத்துவது போல ஒரு குரல் கேட்டதா? காஸ்ட்! எங்கே? மேலே இல்லை, வலப்பக்கம்... குண்டு வருகிறது. திருப்பி அடிக்கிறேன் பாருங்கள், சரியான நேரத்தில் ஒரே ஒரு... தவறிவிட்டது. தூக்கிவிட்டது! விளிம்பு, விளிம்பு, விழுகிறேன்! லாவா! போஷன் எந்த ஸ்லாட்? எட்டு! குடி, குடி, சீக்கிரம் குடி... இரண்டு இதயம்... ஒன்று...

(குடிக்கும் சத்தம் முடியும்வரை பேச்சு வேண்டாம்.)

இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன்! இரண்டு நிமிடத்துக்கு முன்னால் "தொட மாட்டேன்" என்றது நான்தான், தெரியும். ராட் ஏழும் பையில் அப்படியே. மெதுவாகக் கரை பக்கம்... காலில் தரை தட்டுகிறது. ஏறிவிட்டேன்.

இப்போது போர்ட்டல். திசைகாட்டி இங்கே சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் கவலை இல்லை, அந்த XYZ எண்கள்தான் இருக்கிறதே. உங்களை எழுதிவைக்கச் சொன்னேன். நான்... ஒரு நிமிடத்தில் எழுதுகிறேன் என்றேன்.

நீங்கள் யாராவது எழுதினீர்களா?